முகப்பில் லாபம், அலமாரியில் நட்டம்

என் பழைய நண்பர் ஒருவரின் மகள் மருந்தாளர். படிப்பு, பயிற்சி, கட்டாயச் சேவை எல்லாம் முடித்து, ஒரு பெரிய மருந்தகச் சங்கிலியில் மூன்றாண்டு வேலையும் பார்த்துவிட்டாள். இப்போது செலாயாங்கில் சொந்தமாக ஒரு பார்மசி திறக்க வேண்டும் என்று ஆசை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் மகளுமாக வீட்டுக்கு வந்தார்கள். கையில் எட்டுப் பக்கத் திட்டம். நான் ஒரு மருந்து விநியோக நிறுவனத்தின் கடன் வசூல் பிரிவில் பல ஆண்டு குப்பை கொட்டியவன். அதனால் என்னிடம் காட்டச் சொல்லி அழைத்து வந்திருந்தார்.

"மாமா, இடம் பார்த்தாச்சு. பாசார் போரோங் பக்கம் கூட்டம் அதிகம், ஹோஸ்பிட்டலும் கிட்ட. மாசம் அறுபதாயிரம் வெள்ளி வியாபாரம் கண்டிப்பா வரும்," என்றாள்.

திட்டத்தைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். விளம்பரப் பலகையின் நிறம்கூட முடிவாகியிருந்தது. ஆனால் இல்லாத சில விஷயங்கள்தான் என் கண்ணில் பட்டன. இதே ஆசையில் இருக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருப்பதால், அன்று பேசியதை இங்கே எழுதுகிறேன். கணக்கில் வரும் தொகைகள் அவள் திட்டத்தில் இருந்தவையும், நாங்கள் உட்கார்ந்து போட்டவையும்தான். உங்கள் இடத்துக்கு உங்கள் எண்களை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உரிமம். பார்மசிக்கு வேண்டியது வெறும் வியாபார உரிமம் அல்ல. நிறுவனப் பதிவு, செலாயாங் நகராண்மைக் கழகத்தின் கடை உரிமம், பலகை உரிமம் எல்லாம் மளிகைக் கடைக்கும் உண்டு. மருந்தகத்தை மருந்தகமாக்குவது 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் கிடைக்கும் ஏ வகை உரிமம். 'நச்சுப்பொருள்' என்றதும் எலி மருந்து என்று நினைக்க வேண்டாம். ஆன்டிபயாடிக், இரத்த அழுத்த மாத்திரை, சளிக்குத் தரும் பல ஒவ்வாமை மாத்திரைகள் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. இவற்றில் பி பிரிவு மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. சி பிரிவு மருந்துகளுக்குச் சீட்டு தேவையில்லை. ஆனால் மருந்தாளர் நோயாளியிடம் பேசி, பெயரிட்ட லேபிளோடு கொடுத்து, பதிவேட்டில் எழுத வேண்டும். வெறும் பாராசிட்டமோல் இந்த வலையில் வராது.

அந்த உரிமம் கடைக்குக் கிடைப்பதல்ல, மருந்தாளருக்குக் கிடைப்பது. அவர் பெயரும் கடையின் முகவரியும் அதில் இருக்கும். பட்டியலில் உள்ள மருந்தை அவரே கொடுக்க வேண்டும், அல்லது அவர் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடுக்க வேண்டும். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனால் அந்த அலமாரி பூட்டப்பட வேண்டும். கடை திறந்திருக்கும், பிளாஸ்டரும் வைட்டமினும் விற்கலாம், அவ்வளவுதான். ஆகவே மருந்தாளருக்கு ஒரு நாள் காய்ச்சல் என்றால் பாதிக் கடைக்கும் காய்ச்சல்.

"வாரத்தில் ஏழு நாள், காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை திறப்போம்னு எழுதியிருக்கியேம்மா. நீ ஒருத்திதானே?" என்று கேட்டேன்.

"லோக்கம் ஆள் போட்டுக்கலாம் மாமா."

போடலாம். ஆனால் இன்னொரு மருந்தாளர் வந்து நின்றுவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. உரிமம் ஒருவர் பெயரில் இருப்பதால், மாற்றாளுக்கு அந்த முகவரிக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதைச் சிலாங்கூர் மருந்தக அமலாக்கக் கிளையில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அவருக்குத் தரும் கூலியும் திட்டத்தில் வர வேண்டும். கடைசியில் வாரத்தில் ஒரு நாள் கடையை மூடுவது என்று முடிவானது. மாதத்துக்கு 26 நாள்.

உரிமத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. முகவரி இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். முகவரி வேண்டுமென்றால் வாடகை ஒப்பந்தம் போட்டாக வேண்டும். எனவே உரிமம் கைக்கு வரும் வரை பூட்டிய கடைக்கு வாடகை ஓடும். உரிமத்தின் நகல் இல்லாமல் எந்த மொத்த விற்பனையாளரும் பட்டியல் மருந்தை அனுப்ப மாட்டார். இரண்டு மாதம் அப்படிப் போகும் என்று வைத்துக்கொண்டோம். அந்த உரிமம் எந்த மாதத்தில் எடுத்தாலும் டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதி. மருந்தாளருக்கான ஆண்டுச் சான்றிதழும் அப்படியே. அவள் நவம்பரில் திறப்பதாக எழுதியிருந்தாள். திறந்த சூட்டோடு புதுப்பிக்கும் வேலையும் வந்து நிற்கும். ஜனவரிக்குத் தள்ளச் சொன்னேன்.

அடுத்து லாபம். இங்கேதான் அவள் முகம் கொஞ்சம் வாடியது.

நம் நாட்டில் தனியார் கிளினிக்குகளே மருந்தும் கொடுக்கின்றன. தென்கொரியாவில் 2000ஆம் ஆண்டில் பார்ப்பவர் ஒருவர், மருந்து கொடுப்பவர் இன்னொருவர் என்று பிரித்துவிட்டார்கள். இங்கே அப்படி இல்லை. எனவே கிளினிக்கிலிருந்து சீட்டோடு பார்மசிக்கு வருபவர் குறைவு. ஹோஸ்பிட்டல் பக்கத்தில் இருப்பதும் அவள் நினைத்த அளவுக்கு உதவாது. அரசாங்க மருத்துவமனையில் நோயாளி சில வெள்ளி கட்டிவிட்டு மாத்திரையையும் அங்கேயே வாங்கிக்கொண்டு போகிறார். அவர் நம் கடைக்கு வருவது அங்கே இல்லாத பொருளுக்காகத்தான். பெரியவர்களுக்கான டயப்பர், சர்க்கரை சோதிக்கும் பட்டை, புண்ணுக்குப் போடும் கட்டு இப்படி. இது தெரிந்தால் எதை அடுக்க வேண்டும் என்பது தெரியும். பாசார் போரோங் பக்கம் மூட்டை தூக்குபவர்களுக்குத் தசைவலித் தைலமும் வயிற்றெரிச்சல் மருந்தும்தான் ஓடும். தோல் வெளுக்கும் 140 வெள்ளிக் கிரீம் ஓடாது. அவள் பட்டியலில் அது இரண்டு டஜன் இருந்தது.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்ற உத்தரவும் வந்துவிட்டது. விலையைப் பார்த்து ஒப்பிடும் வாடிக்கையாளர் நமக்கு நல்லதுதான். ஆனால் அவர் எதிர்ச் சாரியில் இருக்கும் பெரிய சங்கிலிக் கடையோடும் ஒப்பிடுவார். அவர்கள் ஆயிரம் பெட்டி வாங்கும் விலை, பத்துப் பெட்டி வாங்கும் நமக்குக் கிடைக்காது.

எல்லாப் பொருளிலும் ஒரே லாபம் இல்லை. குழந்தைப் பால் மாவிலும் டயப்பரிலும் நூறு வெள்ளிக்கு ஐந்தாறு வெள்ளி நின்றால் அதிகம். பெயர் பெற்ற மூல மருந்துகளில் கொஞ்சம் கூட. பொதுப்பெயர் மருந்திலும் சத்து மாத்திரையிலும்தான் கை நனையும். எல்லாம் கலந்து நூற்றுக்கு இருபது என்று வைத்தோம். அதுவே தாராளம்.

இப்போது மாதச் செலவு. வாடகை 3,500. அவளுடைய சம்பளம் 5,000. அதைத் திட்டத்தில் போடாமலே விட்டிருந்தாள். "நம்ம கடைதானே மாமா" என்றாள். அவள் வேலையில் இருந்தால் அந்தப் பணம் வீட்டுக்கு வரும் அல்லவா? போட்டாக வேண்டும். உதவியாளர் இருவருக்கு 1,900 வீதம் 3,800. அதற்கு முதலாளி பங்காக இபிஎஃப், சொக்சோ என்று சுமார் 570. ஏர்கோனும் மருந்துக் குளிர்பெட்டியும் இரவும் பகலும் ஓடும் கடை இது, மின்சாரத்துக்கு 900. கணினி மென்பொருள், கணக்காளர், மற்றதெல்லாம் 700. மொத்தம் 14,470 வெள்ளி.

நூற்றுக்கு இருபது நிற்கும் கடையில் 14,470 வெள்ளி நிற்க வேண்டுமென்றால் 72,350 வெள்ளிக்கு விற்க வேண்டும். அவள் நிச்சயம் என்ற 60,000 வந்தாலும் மாதம் 2,470 வெள்ளி கையை விட்டுப் போகும். இன்னும் காலாவதிக் கணக்கை நாங்கள் தொடவே இல்லை.

காலாவதி நட்டம் ஒரு விசித்திரமான நட்டம். முகப்பில் யாரும் எதையும் தொலைக்கவில்லை, திருடவில்லை. ஆனால் 80 வெள்ளிக்கு வாங்கி 100 வெள்ளிக்கு விற்கும் ஒரு பெட்டி காலாவதியானால், அந்த 80 வெள்ளியை மீட்க அதே பெட்டி நான்கு விற்க வேண்டும். 94க்கு வாங்கி 100க்கு விற்கும் பால் மாவு டின் ஒன்று போனால் பதினாறு டின் விற்றால்தான் சரியாகும்.

இதில் பெரும்பாலோர் விழும் குழி போனஸ். சேல்ஸ்மேன் வருவார், "பத்து எடுத்தா ரெண்டு ஓசி" என்பார். ஒரு சத்து மாத்திரைப் புட்டி 60 வெள்ளி, விற்கும் விலை 75. பத்துக்கு 600 கொடுத்தால் பன்னிரண்டு வரும். ஒரு புட்டி 50 வெள்ளிதான் ஆகிறது, லாபம் 25 என்று மனசு குளிரும். அந்தத் தெருவில் காலாவதிக்குள் எட்டுப் புட்டிதான் விற்கிறது என்று வையுங்கள். எட்டு 75, கையில் 600. போட்ட முதல் 600. லாபம் பூஜ்யம், அலமாரியில் நான்கு காலாவதிப் புட்டி. அதே எட்டைப் போனஸ் இல்லாமல் நாலும் நாலுமாக 60 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் 480 போய் 600 வந்திருக்கும், 120 வெள்ளி லாபம். ஓசிப் புட்டி 120 வெள்ளியைத் தின்றுவிட்டது. போனஸ் அதிகமாகத் தரும் பொருளில் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் மேல் உள்ள தேதியைத்தான். அந்தத் தேதி பக்கத்தில் வந்ததால்தான் பல நேரம் போனஸே வருகிறது.

மருந்து திருப்பி எடுத்துக்கொள்வார்களே என்று நண்பர் கேட்டார். எடுப்பார்கள், ஆனால் அவர்கள் சொல்லும் ஜன்னல் திறந்திருக்கும்போதுதான். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு. காலாவதிக்கு இத்தனை மாதம் முன்பு தொடங்கி இத்தனை மாதத்துக்குள் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். சிலர் முழுத் தொகையைக் கழிப்பார்கள், சிலர் பாதி, போனஸில் வந்ததைச் சிலர் தொடவே மாட்டார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் திரும்பி வந்த பெட்டிகளை நிராகரிக்கக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. பெட்டியிலுள்ள தொகுதி எண் எங்கள் இன்வாய்ஸில் இருந்த எண்ணோடு ஒத்துவராது. பெட்டியைப் பிரித்து இரண்டு அட்டை எடுத்திருப்பார்கள். அல்லது விலை ஸ்டிக்கரைப் பெட்டியின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். அந்த ஸ்டிக்கரை அலமாரி விளிம்பில் ஒட்டியிருந்தால் பணம் திரும்பியிருக்கும்.

ஆகவே அவளுக்கு ஒரு பழக்கம் சொன்னேன். சரக்கு இறங்கும்போதே தேதியையும் தொகுதி எண்ணையும் கணினியில் ஏற்ற வேண்டும். ஓராண்டுக்குக் குறைவான ஆயுள் உள்ள பெட்டியை, வேகமாக ஓடும் பொருளாக இல்லாவிட்டால், லாரிக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். புதிய பெட்டி பின்னால், பழைய தேதி முன்னால். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அடுத்த ஆறு மாதத்தில் காலாவதியாகும் எல்லாவற்றையும் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திருப்பி அனுப்புவதா, விலை குறைத்து விற்பதா என்று எழுத வேண்டும். தைப்பூசம் என்று பத்துமலைப் பக்கம் கூட்டம் வரும் நாளுக்காகப் பிளாஸ்டரும் உப்புக் கரைசல் பொட்டலமும் வாங்கிக் குவிப்பவர்கள், திருவிழா முடிந்த மறுநாளே மிச்சத்தை எண்ணிவிட வேண்டும்.

காலாவதியான மருந்தைக் குப்பைத் தொட்டியில் போடவும் முடியாது. பல மருந்துகள் சுற்றுச்சூழல் விதிகளின்படி அட்டவணைக் கழிவில் சேரும். உரிமம் பெற்ற கழிவு நிறுவனம் வந்து எடுக்க வேண்டும், அதற்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். வாங்கப் பணம், எறியவும் பணம்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். விற்பனையில் நூற்றுக்கு ஒன்றரை வெள்ளி போகிறது என்று வைத்தோம். இருபதில் மிஞ்சுவது பதினெட்டரை. அப்படியானால் 14,470 வெள்ளிக்கு 78,200 வெள்ளி விற்க வேண்டும். 26 நாளில் நாளொன்றுக்கு 3,000 வெள்ளி. ஓர் ஆள் 35 வெள்ளிக்கு வாங்கினால் தினம் 86 பேர். "அந்தத் தெருவிலே ஒரு நாள் முழுக்க நின்னு எண்ணிப் பார்த்தியாம்மா?" என்றேன். எண்ணவில்லை. அடுத்த வாரம் போய் எண்ணினாள். பக்கத்துக் கடைக்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள், எத்தனை பேர் பையோடு வெளியே வருகிறார்கள் என்று.

கடைசியாகக் கடன். என் பழைய தொழில், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மருந்து நிறுவனங்கள் 30 நாள், 60 நாள் என்று தவணை கொடுக்கும். புதுக் கடைக்கு முதல் சில மாதம் காசு கொடுத்தால்தான் சரக்கு என்பதும் உண்டு. 30 நாள் என்று சொன்னால் எந்த நாளிலிருந்து என்று கேளுங்கள். இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஒரு கணக்கு. மாதக் கடைசியில் வரும் கணக்கறிக்கையிலிருந்து இன்னொரு கணக்கு. இரண்டாவது வகையில் மார்ச் 2ஆம் தேதி வாங்கினால் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு, கிட்டத்தட்ட இரண்டு மாதம். மார்ச் 29இல் வாங்கினால் அதே ஏப்ரல் 30தான். பெரிய ஆர்டரை மாதத் தொடக்கத்தில் போடுவதும், மாதக் கடைசியில் அவசரத்துக்கு மட்டும் வாங்குவதும் வட்டியில்லாத கடன்.

தவணை தவறினால் முதலில் யாரும் திட்ட மாட்டார்கள். கணக்கை நிறுத்தி வைப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆர்டர் வராது. குறிப்பிட்ட ஒரு பிரஷர் மாத்திரை அந்த விநியோகஸ்தரிடம் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், அதை மாதாமாதம் வாங்கும் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவார், கூடவே மற்ற பொருளையும் அங்கேயே வாங்குவார். நான் பார்த்தவரை கடைகள் இப்படித்தான் சரிந்தன. காலியான அலமாரி ஒன்று, அப்புறம் இரண்டு.

அவள் திட்டத்தில் அப்பாவின் இபிஎஃப் பணம் இரண்டு லட்சம் வெள்ளி. கடை அலங்காரத்துக்கும் சாமானுக்கும் 60,000, வாடகை முன்பணம் 12,250, தொடக்கச் சரக்கு ஒரு லட்சம். உரிமத்துக்குக் காத்திருக்கும் இரண்டு மாத வாடகை 7,000ஐ நான் சேர்த்தேன். மிச்சம் 20,750. முதல் சில மாதம் 40,000தான் விற்கிறது என்றால் லாபம் 8,000, செலவு 14,470. மாதம் 6,470 குறைகிறது. மூன்று மாதத்தில் பணம் தீர்ந்துவிடும். நாலாவது மாதம் சரக்குக்குக் கட்ட வேண்டிய பணத்தில் வாடகை கட்டத் தொடங்குவாள்.

ஆனால் 40,000 விற்கும் கடைக்கு மாதம் 32,000 வெள்ளிச் சரக்குதான் போகிறது. ஒரு லட்சம் வெள்ளிச் சரக்கு மூன்று மாதத்துக்கு மேல் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். தேதியும் ஓடும். அதை 55,000ஆகக் குறைத்தோம். அலமாரி கொஞ்சம் வெறிச்சோடித்தான் தெரியும், மருந்துப் பெட்டிகளை முகம் காட்டி அடுக்கிக்கொள்ளலாம். கையில் மிஞ்சுவது 65,750. அதே நட்டத்தில் பத்து மாதம் தாக்குப்பிடிக்கும். பத்து மாதத்தில் ஒரு தெருவுக்கு ஒரு மருந்தாளரின் முகம் பழகிவிடும்.

எந்தப் பொருளை வெட்டுவது என்று அவளே உட்கார்ந்து கோடு போட்டாள். வெளுக்கும் கிரீம் முதலில் போனது. டயப்பர் நின்றது. லாபம் குறைவுதான், ஆனால் வாராவாரம் ஆளைக் கடைக்குள் கொண்டுவரும் பொருள். சங்கிலிக் கடையில் பார்த்த சத்து மாத்திரை வரிசை பாதியானது.

புறப்படும்போது நண்பர் ஒரு தாளை நீட்டினார். ஒரு விநியோக நிறுவனத்தில் கணக்குத் திறக்கும் பாரம். நிறுவனப் பதிவு, ஏ வகை உரிமம், ஆண்டுச் சான்றிதழ் நகல்கள் கேட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் தனிநபர் உத்தரவாதம். நிறுவனம் சென்டிரியான் பெர்ஹாட்டாக இருந்தாலும், கடன் நின்றுபோனால் கையெழுத்துப் போட்டவர் தன் சொந்தச் சொத்திலிருந்து கட்ட வேண்டும் என்று அர்த்தம். உத்தரவாதம் தருபவர் என்ற இடத்தில் மகள் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயரும் தட்டச்சாகியிருந்தது. தொகைக்கு உச்சவரம்பு எதுவும் போடவில்லை.

வரம்பு எழுதிக் கேளுங்கள், 20,000 வெள்ளி போதும் இந்த அளவுக் கடைக்கு, அப்பா பெயரை எடுத்துவிட்டு மகள் மட்டும் போடட்டும் என்றேன். மறுத்தால் அந்த ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் காசுக்கு வாங்குங்கள், ஒழுங்காகக் கட்டிய பதிவு வந்தபின் மறுபடி கேளுங்கள்.

"இவ்வளவு நாள் வேலை பார்த்துச் சேர்த்த காசு அது," என்றார் நண்பர், தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி. மகள் ஒன்றும் சொல்லவில்லை. காரில் ஏறும்போது அப்பாவின் பையிலிருந்து அந்தப் பாரத்தை எடுத்துக்கொண்டாள். திங்கள்கிழமை எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அப்பாவின் பெயர் அடிக்கப்பட்டு, பக்கத்தில் 20,000 என்று பேனாவால் எழுதியிருந்தது. நிறுவனத்திடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.